தள்ளுவது மாணவன், தாங்குவது மட்டும் கோச்

மாலைப் பயிற்சி முடிந்த பிறகு பள்ளி மைதானங்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரு பையன் மல்லாந்து படுத்திருப்பான். இன்னொருவன் அவன் காலை முட்டி மடங்காமல் தூக்கி, தலைப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருப்பான். கீழே கிடப்பவன் பல்லைக் கடிப்பான். மேலே இருப்பவன், “இன்னும் கொஞ்சம்டா, தாங்கு” என்பான். சற்று நேரம் கழித்து ஆள் மாறிக்கொள்வார்கள். கேட்டால், “பி.என்.எஃப். ஸ்ட்ரெட்சிங் சார்” என்று பதில் வரும்.

உண்மையில் அது பி.என்.எஃப். இல்லை, அடுத்தவன் காலைப் பிடித்து அழுத்துவது மட்டும்தான். அந்த முறையின் உயிர்நாடியான ஒரு செயல் அதில் விடுபட்டிருக்கிறது. நீட்டப்படும் தசையைக் கீழே படுத்திருப்பவனே சில நொடிகள் இறுக்க வேண்டும், பிறகு தளர்த்த வேண்டும். அதற்குப் பின்தான் கால் மேலே போக வேண்டும். இறுக்குவது, தளர்த்துவது, நகர்த்துவது மூன்றும் அவன் வேலை. பிடித்திருப்பவரின் கை ஒரு தாங்கல் மட்டுமே.

பிளஸ் டூவில் உடற்கல்வி படிப்பவர்களுக்கு இந்த மூன்றெழுத்து ஏற்கெனவே பழக்கமாகியிருக்கலாம். விரித்தால் ப்ரோப்ரியோசெப்டிவ் நியூரோமஸ்குலர் ஃபெசிலிட்டேஷன் என்று நீளும். கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கே இருக்கிறது, முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பது நமக்குத் தெரிகிறதல்லவா? தசையிலும் மூட்டிலும் உள்ள உணரிகள் மூளைக்கு ஓயாமல் அனுப்பும் அந்தச் செய்தியைப் பயன்படுத்தி அசைவை எளிதாக்குவதுதான் இந்த முறை.

இதைத் தொடங்கியவர்கள் விளையாட்டுக்காரர்கள் அல்லர். 1940-களில் அமெரிக்காவில் ஹெர்மன் காபாட் என்ற நரம்பியல் மருத்துவர், போலியோவாலும் நரம்பு நோய்களாலும் கைகால் வலுவிழந்தவர்களுக்காக இதை உருவாக்கத் தொடங்கினார். மார்கரெட் நாட், டோரதி வாஸ் என்ற இரண்டு பிசியோதெரபிஸ்டுகள் அதைச் செம்மைப்படுத்தி 1956-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். வலுவிழந்த தசையை வேலை செய்ய வைப்பதுதான் அவர்களுடைய முதல் நோக்கம். அந்தப் பெரிய முறையிலிருந்து ‘இறுக்கு, தளர்த்து, நீட்டு’ என்ற ஒரு துண்டை மட்டும் விளையாட்டுலகம் பின்னாளில் எடுத்துக்கொண்டது. மருத்துவமனையில் பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு நோயாளியை மட்டும் கவனித்துச் செய்த காரியம், மைதானத்தில் முப்பது பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் செய்யும் காரியமாக மாறியது. இன்று நாம் பார்க்கும் தவறுகள் பெரும்பாலும் இந்த இடமாற்றத்தில் வந்தவைதான்.

இறுக்கிவிட்டுத் தளர்த்தினால் தசை ஏன் கூடுதலாக நீள்கிறது? பாடப்புத்தக விளக்கம் இப்படிப் போகும். தசைக்குள் கதிர் வடிவத்தில் சில உணரிகள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதை அவை கவனிக்கின்றன. வெடுக்கென்று இழுத்தால், ‘சுருங்கு’ என்ற கட்டளை வரும்படி செய்துவிடும். டாக்டர் சின்னச் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டும்போது கால் உதறுகிறதே, அது இதே வேலைதான். தசையும் தசைநாணும் சேரும் இடத்தில் கால்ஜி உணரிகள் என்று வேறொரு வகை இருக்கிறது. இவை இழுவிசையைக் கவனிப்பவை. தசை இறுகும்போது இவை தூண்டப்பட்டு, ‘போதும், தளர்த்து’ என்று சொல்கின்றன. ஆகவே முதலில் இறுக்கினால் கால்ஜி உணரிகள் விழிக்கும், தசை தளரும், அந்த நேரத்தில் நீட்டிவிடலாம். இதோடு இன்னொன்றும் உண்டு. முன்தொடைத் தசையை இறுக்கும்போது அதற்கு எதிர்த்தசையான பின்தொடைத் தசை, அதாவது ஹேம்ஸ்ட்ரிங், தானாகத் தளர்கிறது.

கேட்க அழகான விளக்கம், ஆனால் சோதனையில் அது முழுதாக நிற்கவில்லை. மூர், ஹட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1980-ல் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகளின் ஹேம்ஸ்ட்ரிங்கில் மின்முனைகளை ஒட்டிப் பார்த்தார்கள். இறுக்கித் தளர்த்திய பிறகு அந்தத் தசையின் மின்செயல்பாடு குறைந்திருக்க வேண்டும். மாறாக, சும்மா நீட்டியபோது இருந்ததைவிட அதிகமாக இருந்தது. பெயரளவில்கூடத் தசை ‘அடங்கவில்லை’, ஆனாலும் கால் கூடுதலாக மேலே போனது. 1990-களில் டென்மார்க்கில் மக்னுசன் குழுவினர் செய்த சோதனைகளில், குறிப்பிட்ட ஒரு கோணத்தில் தசை கொடுக்கும் எதிர்ப்பு பெரிதாக மாறவில்லை. மாறியது அந்த ஆள் தாங்கிக்கொள்ளும் அளவு. ‘போதும்’ என்று அவர் சொல்லும் எல்லைதான் தள்ளிப்போயிருந்தது.

தேர்வில் கால்ஜி உணரியைத்தான் எதிர்பார்ப்பார்கள், அதை எழுதிவிடுங்கள். ஆனால் கோச்சுக்கு இரண்டாவது விளக்கம்தான் முக்கியம். கூடுதலாகக் கிடைத்த ஐந்து டிகிரியில் பெரும்பங்கு தசை நீண்டதால் வந்தது இல்லை, எச்சரிக்கை மணி சற்றுத் தாமதமாக அடிப்பதால் வந்தது. மணி தாமதமாக அடிக்கும் அந்த நேரத்தில் வெளியாள் ஒருவர் தன் பலத்தால் காலைத் தள்ளினால், வலி சொல்வதற்கு முன்பே திசு தன் எல்லையைத் தொட்டுவிடலாம். வழக்கமான ஸ்ட்ரெட்சிங்கைவிட பி.என்.எஃப்.பில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

பதினாறு, பதினேழு வயதுக்காரர்களிடம் இன்னொரு காரணமும் சேர்கிறது. நாம் உட்காரும்போது தரையில் அழுந்தும் இடுப்பெலும்பின் அடிமுனையில்தான் ஹேம்ஸ்ட்ரிங் தொடங்குகிறது. வளரும் பிள்ளைகளுக்கு அந்த முனை முழு எலும்பாக ஒட்டியிருக்காது. நடுவில் குருத்தெலும்பு அடுக்கு ஒன்று இருக்கும். அது முழுதாக ஒட்டுவதற்குப் பலருக்கு இருபது வயது தாண்டிவிடும். பெரியவர்களுக்குத் தசை கிழியும் விசையில், இந்த வயதினருக்கு அந்த எலும்பு முனையே பெயர்ந்து வரக்கூடும். ஹேம்ஸ்ட்ரிங் நன்றாக நீண்டிருக்கும்போது திடீரென்று பலமாக இறுக்குவதுதான் அதற்கு வாகான நிலை. தவறாகச் செய்யும் பி.என்.எஃப். அந்த நிலையை அப்படியே உண்டாக்குகிறது.

நல்லவேளையாக, முழு பலத்தோடு இறுக்க வேண்டிய தேவையே இல்லை. ஃபெலண்ட், மரின் என்ற இருவர் 2004-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு தன் முழு பலத்தில் 20 சதவீதமும், இன்னொன்று 60 சதவீதமும், மூன்றாவது 100 சதவீதமும் கொடுத்து இறுக்கியது. மூன்றுக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ‘முழு பலத்தோட தள்ளு’ என்று இன்றும் கத்தும் கோச்சுகள் பையனைக் களைக்க வைக்கிறார்களே தவிர, கூடுதலாக ஒரு டிகிரியைக்கூடப் பெற்றுத் தருவதில்லை. விளையாட்டு மருத்துவத்துக்கான அமெரிக்கக் கல்லூரியின் வழிகாட்டலும் 20 முதல் 75 சதவீத பலத்தில் 3 முதல் 6 நொடி இறுக்கி, பிறகு 10 முதல் 30 நொடி நீட்டினால் போதும் என்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வரம்பின் கீழ்முனையே போதுமென்பேன்.

இதைச் செய்வது எப்படி என்று பார்க்க, 110 மீட்டர் தடை ஓட்டம் ஓடும் பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்வோம். தடையின் மேல் முதலில் போகும் கால் அவனுக்கு வலது கால். அந்தக் காலின் முட்டி தடைக்கு மேலே போதிய அளவு நீளவில்லை, இடுப்பு பின்னால் வாங்குகிறது, அவ்வப்போது குதிகால் தடையில் தட்டுகிறது. ஹேம்ஸ்ட்ரிங் இறுக்கமாக இருக்கலாம் என்று கோச் நினைக்கிறார்.

முதலில் அளக்க வேண்டும். அளக்காமல் யாருக்கும் இதைத் தொடங்கக் கூடாது, ஏனென்றால் ஏற்கெனவே கால் 90 டிகிரி போகிற பையனுக்கு இது தேவையே இல்லை. உடம்பு ரப்பர் போல் வளைகிறவர்களுக்கு இது கெடுதல்கூடச் செய்யலாம். பையன் மல்லாந்து படுக்கிறான். இடது கால் தரையோடு தரையாக நீண்டிருக்கிறது. வலது காலை முட்டி மடங்காமல் தானே தூக்குகிறான். செல்போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் வசதியைத் திறந்து, போனைக் கணுக்காலுக்கு மேலே கணைக்கால் எலும்பின் மேல் வைத்தால் கோணம் தெரிந்துவிடும். நம் பையனுக்கு வலது காலில் 62 டிகிரி, இடது காலில் 74 என்று வருகிறது. இரண்டு காலுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் கோச் உடனே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. “தம்பி, இந்தக் கால்ல முன்னாடி எப்பவாவது பிடிச்சிருக்கா? உக்கார்ற எலும்புகிட்ட வலி இருக்கா?” ஆமாம் என்றால் அன்றைக்கு ஸ்ட்ரெட்சிங் இல்லை, டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இந்த வயதில் அந்த எலும்பருகே நாள்கணக்கில் நீடிக்கும் வலியை ‘தசை டைட்டா இருக்கு’ என்று எடுத்துக்கொண்டு இழுப்பதுதான் மிக மோசமான தவறு. நம் பையன், “இல்ல சார், ஓடுறப்ப இறுக்கமா இருக்கும், அவ்ளோதான்” என்கிறான்.

அடுத்தது நேரம். போட்டிக்கோ வேக ஓட்டப் பயிற்சிக்கோ தொட்டு முன்னால் இது கூடாது. 2016-ல் பேம் உள்ளிட்டோர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பி.என்.எஃப். செய்த உடனே பலமும் வேகமும் தேவைப்படும் செயல்களின் திறன் சராசரியாக 4.4 சதவீதம் குறைந்திருந்தது. தடை ஓட்டக்காரனுக்கு அது பெரிய இழப்பு. எனவே பயிற்சி முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போது செய்யலாம். தனியாக ஒரு நாளில் என்றால் ஐந்து பத்து நிமிடம் மெல்லோட்டம் ஓடிவிட்டுச் செய்யலாம். கால் துவண்டுபோகும் அளவுக்குக் கடுமையாக ஓடிய நாளில் வேண்டாம், தசை பிடித்துக்கொள்ளும்.

பையன் பாயில் படுத்திருக்கிறான். கோச் அவன் வலது காலின் பக்கமாக ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி உட்கார்கிறார். ஒரு கை குதிகாலுக்குச் சற்று மேலே, மற்றொரு கை தொடையின் முன்பக்கத்தில், முட்டிச்சில்லைத் தொடாமல் அதற்கு மேலே. தொடக்கூடிய இடங்கள் இவ்வளவுதான். தொடுவதற்கு முன் எங்கே பிடிக்கப் போகிறோம் என்று சொல்லி, சம்மதம் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாரும் பார்க்கும் திறந்த இடத்திலேயே செய்ய வேண்டும். மாணவிக்குப் பெண் கோச்சோ, தோழியோ பிடிக்கலாம். யாரும் பிடிக்க வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் துண்டை வைத்தே செய்துகொள்ளலாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது பையன் காலைத் தானே உயர்த்துகிறான். தொடையின் பின்பக்கம் நடுவில் ‘இழுக்கிறது’ என்று தோன்றிய உடனே நிறுத்தி, இரண்டு மூன்று டிகிரி கீழே இறக்குகிறான். இந்தப் பின்வாங்கலைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எலும்பு முனைக்குப் பாதுகாப்பு இதில்தான் இருக்கிறது, ஏனென்றால் எல்லையின் விளிம்பில் வைத்து இறுக்கக் கூடாது. பாதம் தளர்வாக இருக்கட்டும். விரல்களைத் தன்பக்கம் மடக்கினால் நரம்பு இழுபட்டு, முட்டிக்குப் பின்னால் சுரீர் என்று வரும். பிறகு தசை எது, நரம்பு எது என்று தெரியாமல் போய்விடும்.

“குதிகாலால என் கையை மெதுவா அழுத்து. பத்துக்கு ரெண்டு, மூணு போதும். மூச்சை அடக்காதே, எண்ணிக்கிட்டே அழுத்து.” பையன் இரண்டு நொடியில் படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டி, மூன்று நான்கு நொடி அப்படியே வைத்து, ஒரு நொடியில் மெல்ல விடுகிறான். கோச்சின் கை அசைவதில்லை, எதிர்த்துத் தள்ளுவதும் இல்லை. அவன் வாய்விட்டு எண்ணினால் இரண்டு நன்மை. மூச்சு அடங்காது, ரத்த அழுத்தம் சட்டென்று ஏறாது. எண்ணும் குரல் திக்கினாலே அவன் அளவுக்கு மீறி அழுத்துகிறான் என்று கோச்சுக்குத் தெரிந்துவிடும்.

விட்ட பிறகு ஒரு மூச்சு வெளியேறும் நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு, “இப்ப நீயே காலைத் தூக்கு” என்கிறார் கோச். பையன் முன்தொடைத் தசையை இறுக்கிக் காலைத் தன்பக்கம் கொண்டுவருகிறான். கோச்சின் கை அந்தக் காலைப் பின்தொடர்கிறது, முந்திப்போவதில்லை. புதிய இடத்தில் 15 நொடி நிற்கிறான். இறுக்கு, தளர்த்து, எதிர்த்தசையால் தூக்கு என்ற இந்த வகையைத்தான் பள்ளிக்கு நான் பரிந்துரைப்பேன். வெறும் இறுக்கித் தளர்த்தும் வகையில் கடைசி நகர்த்தலைப் பிடித்திருப்பவர் செய்வார், ஆபத்தும் அங்கேதான் நுழையும். தன் தசையால் தூக்கும்போது தாங்க முடியாத இடத்துக்குப் பையனால் காலைக் கொண்டுபோக முடியாது.

நம் பையனின் கால் முதல் சுற்றில் 66 வருகிறது, இரண்டாவதில் 69, மூன்றாவதில் 70. மூன்றாவது சுற்றில் ஒரு டிகிரிதான் கூடியது என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். நான்காவது சுற்றில் 75-ஐத் துரத்தப் போகும் கோச், இடுப்பைப் பார்க்க மறந்தவர். இடது தொடை தரையை விட்டு எழும்பினாலோ, இடுப்பு சுருண்டு கீழ்முதுகு பாயில் முழுதாக அழுந்தினாலோ போனில் காட்டும் எண் பொய். அது ஹேம்ஸ்ட்ரிங் கொடுத்த டிகிரி இல்லை, இடுப்பு திரும்பியதால் வந்தது.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். தொடையின் நடுவில் பரவலாக இழுக்கிற உணர்வு சரி. முட்டிக்குப் பின்னாலோ பாதத்திலோ சுரீரென்று ஓடினாலும், மரத்தாலும், அது நரம்பு. உடனே காலைத் தாழ்த்த வேண்டும். கால் நடுங்கினால் அழுத்தம் அதிகம். தசை பிடித்துக்கொண்டால் முட்டியை மடக்கி விட்டுவிட வேண்டும், அன்றைக்கு அந்தக் காலில் மறுபடி வேண்டாம். உட்காரும் எலும்பருகே ஒரே புள்ளியில் குத்தினால் முற்றிலும் நிறுத்த வேண்டும். ‘டக்’ என்று ஏதோ விட்ட உணர்வும், அதன் பிறகு நடக்கவோ உட்காரவோ முடியாத வலியும் வந்தால் நீவிவிடக் கூடாது. ஐஸ் வைத்து, காலை ஊன்றவிடாமல் அழைத்துப்போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ‘சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவினா சரியாகிடும்’ என்று வீட்டுக்கு அனுப்பினால், பெயர்ந்த எலும்பு முனையைப் பல நாள் கழித்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

ஒருவரை ஒருவர் பிடித்துச் செய்யும் முறைக்கு, பிடிக்கிறவனுக்கும் பயிற்சி வேண்டும். இரண்டு பையன்கள் சேர்ந்தால் அது எளிதில் மல்லுக்கட்டாகிவிடும். இவன் தள்ள, அவன் எதிர்க்க, சிரிப்பும் சேர்ந்துகொள்ளும். முதல் சில நாட்கள் எல்லாருக்கும் துண்டுதான் கொடுப்பது நல்லது. நீளமான குளியல் துண்டைப் பாதத்தின் நடுவில் மாட்டி, இரு முனைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, காலால் துண்டை மெல்ல அழுத்த வேண்டும். பிறகு தளர்த்தி, முன்தொடையால் காலைத் தூக்கி, துண்டைத் தொய்வில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். அழுத்தும் அளவு கைக்கே தெரிவதால், ‘பத்துக்கு ரெண்டு’ என்றால் என்ன என்பதை இதில் விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

70 டிகிரி மறுநாள் இருக்குமா என்றால், இருக்காது. 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒரு முறை செய்த பி.என்.எஃப்.பால் ஹேம்ஸ்ட்ரிங்குக்குக் கிடைத்த கூடுதல் நெகிழ்வு 6 நிமிடம்தான் நிலைத்தது. நம் பையன் அடுத்த பயிற்சிக்கு வரும்போது 63 காட்டலாம், அதில் ஏமாற்றமடைய ஒன்றும் இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் என்று சில வாரம் தொடர்ந்தால்தான் தொடக்க எண்ணே மேலே வரும். ஒவ்வொரு முறையும் வார்ம்-அப் முடிந்ததும், ஸ்ட்ரெட்சிங்குக்கு முன்னால் அளந்த எண்ணைத்தான் நோட்டில் எழுத வேண்டும். முடிந்த பிறகு அளக்கும் எண்ணை எழுதினால் மனசுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

கோச்சுகளிடம் பரவலாக இருக்கும் ஒரு நம்பிக்கையையும் தொட்டுவிட வேண்டும். பி.என்.எஃப். செய்தால் ஹேம்ஸ்ட்ரிங் கிழியாது என்பார்கள். கிழிவைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இருப்பது வேறொன்றுக்கு. முட்டி போட்டு நின்று, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்தபடி மெல்ல முன்னால் சாயும் நார்டிக் பயிற்சி அது. நீளும்போதே தசையைப் பலப்படுத்துவதால் அது வேலை செய்கிறது. நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் நான் நார்டிக்கைத் தேர்ந்தெடுப்பேன்.

நம் பையனுக்கு ஆறு வாரம் கழித்து வலது காலில் தொடக்க எண் 73 என்று வைத்துக்கொள்வோம், இடது காலைக் கிட்டத்தட்ட எட்டிவிட்டது. இனி வாரம் ஒருமுறை போதும். ஆனால் தடையின் மேல் குதிகால் இன்னும் தட்டுகிறது என்றால் கோச் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். தடைக்கு ஏறத்தாழ 2 மீட்டர் முன்னால் எழும்ப வேண்டியவன் ஒன்றரை மீட்டரில் எழும்பினால், கால் எவ்வளவு நெகிழ்ந்தாலும் தடையைத் தாண்டுவதற்குள் அதை நீட்ட அவனுக்கு இடம் இருக்காது.